நூறு சதவீதம் வந்த அன்று கேட்ட கேள்வி

"எல்லா வரியும் டெஸ்ட்ல ஓடிருச்சு. நூறு சதவீதம் வந்திருச்சு. அப்போ இதுல பிழை இல்லைன்னு நிரூபிச்சாச்சு, அப்படித்தானே அண்ணே?"

எங்கள் அலுவலகத்தில் பயிற்சிக்கு வந்திருக்கும் கல்லூரி மாணவி, குழுத் தலைவரிடம் இப்படிக் கேட்டாள். அவரும் தலையை ஆட்டி, "ஆமா, இனி பயமில்ல, அனுப்பிரு" என்றார். ஊக்கப்படுத்தும் எண்ணத்தில் சொன்னார். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் டெஸ்ட் எழுதுவதே அபூர்வம், இவள் எல்லா வரியையும் தொட்டு எழுதியிருக்கிறாள், அதைப் பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அவள் கேட்டது "நன்றாகச் செய்திருக்கிறேனா" என்று இல்லை. "நிரூபித்தாயிற்றா" என்று கேட்டாள். அதற்கு "ஆமாம்" என்பது தவறான பதில். இந்த ஒரு பதிலில் ஏன் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

நாங்கள் பினாங்கு ஜார்ஜ் டவுனில் மளிகைக் கடைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் கல்லா மென்பொருள் செய்கிறோம். அவளிடம் கொடுத்திருந்த வேலை சின்னதுதான்: சாமான்களின் விலையைக் கூட்டி, உறுப்பினர் அட்டை இருந்தால் ஐந்து சதவீதம் கழித்து, ரொக்கமாக எவ்வளவு வாங்க வேண்டும் என்று சொல்லும் ஒரு செயற்கூறு. ரொக்கம் என்றால் நம் ஊரில் ஐந்து சென் கணக்கு வந்துவிடும். 2008 ஏப்ரல் 1 முதல், பில்லின் மொத்தத்தைப் பக்கத்து ஐந்து சென்னுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது பேங்க் நெகாராவின் விதி. கடைசி இலக்கம் 1, 2 என்றால் பூஜ்யத்துக்கு இறங்கும். 3, 4 என்றால் ஐந்துக்கு ஏறும். 6, 7 ஐந்துக்கு இறங்கும். 8, 9 அடுத்த பத்துக்கு ஏறும். கடைக்குப் போகும் எல்லாருக்கும் தெரிந்த கணக்குதான்.

அவள் எழுதியது இது. தொகை எல்லாம் சென் கணக்கில், முழு எண்ணாக. தசமப் புள்ளியில் சிக்காமல் சென்னிலேயே வைத்துக்கொண்டது நல்ல முடிவு, அதை அவளிடம் சொல்லவும் செய்தேன்.

```python
def cash_total(prices, member):
    if member:
        discount = 5
    total = sum(prices) * (100 - discount) // 100
    return total - total % 5
```

அதற்கு அவள் எழுதிய டெஸ்ட்:

```python
def test_cash_total():
    assert cash_total([1000, 1000], True) == 1900
```

பத்து வெள்ளிச் சாமான் இரண்டு, உறுப்பினர் அட்டை உண்டு, பத்தொன்பது வெள்ளி. டெஸ்ட் பச்சையாக வந்தது. `coverage.py` கொடுத்த அறிக்கையிலும் குறையில்லை:

```
Name      Stmts   Miss  Cover
-----------------------------
till.py       5      0   100%
```

இந்த 100% பொய் இல்லை. டெஸ்ட் ஓடும்போது இந்த ஐந்து வரிகளில் எவையெல்லாம் ஒரு முறையாவது இயங்கின என்று அந்தக் கருவி குறித்து வைக்கிறது. ஐந்தும் இயங்கின. அந்தச் சதவீதத்துக்குத்தான் கவரேஜ் என்று பெயர், அது சொல்வது அவ்வளவுதான். வரி இயங்கியபோது சரியான விடை வந்ததா, வேறு எண்ணைக் கொடுத்தால் என்ன ஆகும், எழுத வேண்டிய வரி எழுதாமல் விட்டுப்போயிருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ராத்திரி ஜாகா எல்லாக் கதவையும் தாண்டி நடந்தார் என்று ஏட்டில் இருந்தால், எல்லாக் கதவும் பூட்டியிருந்தன என்று அர்த்தமாகிவிடாது.

குழுத் தலைவர் போனதும் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "அது நிரூபணம் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் அவள் கையில் என் வார்த்தை ஒன்றும் அவர் வார்த்தை ஒன்றும் இருக்கும். பதவியில் பெரியவர் அவர்தான், அவர் வார்த்தைதான் நிற்கும். அவளே தன் கையால் அந்த நூறை உடைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

"`assert`, கடைசியில இருக்கிற `== 1900`, ரெண்டையும் அழிச்சிட்டு ஓட்டு."

அழித்தாள். டெஸ்டில் மிஞ்சியது `cash_total([1000, 1000], True)` மட்டும். ஓட்டினாள். பச்சை. கவரேஜ் அதே நூறு. விடையைச் சரிபார்க்கவே செய்யாத ஒரு டெஸ்டுக்கும் நூறு கிடைக்கிறது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ இது என் டெஸ்ட அளக்கவே இல்லையாக்கா?" என்றாள். அந்த நிமிஷமே பாதி வேலை முடிந்தது என்பேன்.

`assert` திரும்ப வந்தது. அடுத்து, "அட்டை இல்லாத ஆளுக்குக் கூப்பிடு" என்றேன். `cash_total([1000], False)`. விடை வரவில்லை, `UnboundLocalError` வந்தது. அட்டை இல்லையென்றால் `discount` என்ற பெயருக்கு மதிப்பே கிடைப்பதில்லை. அடுத்த வரி அதைத் தேடிப்போய் விழுகிறது. கடைக்கு வருகிறவர்களில் அட்டை இல்லாதவர்கள்தான் அதிகம். முதல் வாடிக்கையாளரிடமே கல்லா நின்றுபோயிருக்கும்.

இது எப்படி நூறுக்குள் ஒளிந்துகொண்டது? `if` என்பது ஒரு வரி. ஆனால் அங்கிருந்து இரண்டு பாதை பிரிகிறது: உள்ளே போவது ஒன்று, தாண்டிப் போவது இன்னொன்று. தாண்டிப் போகும் பாதைக்கென்று தனியாக ஒரு வரி இல்லாததால், வரிகளை எண்ணும் அளவுகோலுக்கு அப்படி ஒரு பாதை இருப்பதே தெரியவில்லை. இதற்கு, பிரியும் பாதைகளையும் எண்ணும் பிராஞ்ச் கவரேஜ் இருக்கிறது. ஒரு சொல் சேர்த்தால் போதும்:

```
pytest --cov=till --cov-branch --cov-report=term-missing
```

அதே ஒற்றை டெஸ்டுக்கு இப்போது அறிக்கை இப்படி வந்தது:

```
Name      Stmts   Miss Branch BrPart  Cover   Missing
-----------------------------------------------------
till.py       5      0      2      1    86%   2->4
```

`2->4` என்றால் இரண்டாம் வரியிலிருந்து நேராக நாலாம் வரிக்குத் தாவும் பாதையில் யாருமே நடக்கவில்லை என்று பொருள். இதுதான் கவரேஜின் உண்மையான உபயோகம். எங்கே போகவில்லை என்று அது சொல்லும்போது அப்படியே நம்பலாம். போன இடத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அது சொல்வதே இல்லை, நாம்தான் அப்படிப் படித்துக்கொள்கிறோம்.

`if`-க்கு மேலே `discount = 0` என்று ஒரு வரி சேர்த்தாள். அட்டை இல்லாத ஆளுக்கு ஒரு டெஸ்ட் எழுதினாள்: பத்து வெள்ளி கொடுத்தால் பத்து வெள்ளி. பிராஞ்ச் கவரேஜும் இப்போது நூறு. இந்த இடத்தில் நிறைய பேர் நிறுத்திவிடுகிறார்கள். "லைன் கவரேஜ் போதாது, பிராஞ்ச் கவரேஜ் வேண்டும்" என்பதையே பாடமாக எடுத்துக்கொண்டு, பழைய நம்பிக்கையைக் கொஞ்சம் பெரிய எண்ணுக்கு மாற்றிவிடுகிறார்கள். எனக்கு அதுவும் உறுத்தல்தான், ஏனென்றால் அவளுடைய செயற்கூறில் இருந்த பெரிய பிழை இன்னும் அப்படியே இருந்தது.

கடைசி வரியைப் பாருங்கள். `total - total % 5`. ஐந்தால் வகுத்த மீதியைக் கழிக்கிறது, அதாவது எப்போதும் கீழே மட்டும்தான் இறக்கும். விதியோ பக்கத்து ஐந்துக்குப் போகச் சொல்கிறது. 2.99 வெள்ளி பிஸ்கட் பாக்கெட் இரண்டு வாங்கினால் 5.98. கடைக்காரர் 6.00 வாங்க வேண்டும். இந்த நிரல் 5.95 என்று சொல்லும். ஒரு பில்லில் ஐந்து சென், யாரும் கவனிக்க மாட்டார்கள். மாதக் கடைசியில் கடைக்காரர் கணக்கைப் பார்த்துவிட்டுக் கல்லாவில் நிற்கும் பையனைச் சந்தேகப்படுவார். இந்த மாதிரிப் பிழை மென்பொருளில் தொடங்கி மனிதர்கள் தலையில் போய் விழும்.

இதை அவளாகவே கண்டுபிடிக்க விட்டேன். "வேற வேற விலை போட்டுப் பாரு" என்று மட்டும் சொன்னேன். முதலில் 2.99 பாக்கெட் மூன்று போட்டாள். 8.97. நிரல் 8.95 என்றது. சரியான விடை! அடுத்து 4.50, அதுவும் சரி. 7.21, அதுவும் சரி. கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகத்தில் பழைய நம்பிக்கை திரும்ப ஆரம்பித்தது. ஏன் சரியாக வந்தது என்றால், கடைசி இலக்கம் 0, 1, 2, 5, 6, 7 என்று இருக்கும்போது கீழே இறக்குவதும் பக்கத்து ஐந்துக்குப் போவதும் ஒன்றுதான். 3, 4, 8, 9 வரும்போதுதான் இரண்டும் பிரியும். பத்து இலக்கத்தில் ஆறுக்குப் பிழை வெளியே தெரியாது. அந்த ஆறில் ஒவ்வொன்றுக்கும் ஒரு டெஸ்ட் எழுதி அடுக்கினாலும் எல்லாம் பச்சை, லைன் கவரேஜ் நூறு, பிராஞ்ச் கவரேஜ் நூறு, பிழை இருந்த இடத்திலேயே இருக்கும். 5.98 போட்டதும்தான் "ஐயோ" என்றாள்.

காரணம் எளிது. அந்த வரியில் `if` எதுவும் இல்லை. பாதை ஒன்றுதான். ஒரே பாதையில் எந்த எண் நடந்து போகிறது என்பதுதான் இங்கே பிரச்சினை, எண்களை எந்தக் கவரேஜும் எண்ணுவதில்லை.

வரியைத் திருத்தினாள்:

```python
    return (total + 2) // 5 * 5
```

சரியான திருத்தம். இரண்டைக் கூட்டிவிட்டு ஐந்தின் மடங்குக்கு இறக்கினால் 3, 4 மேலே போகும், 1, 2 கீழே வரும். இதற்கு அட்டை இல்லாமல் இரண்டு டெஸ்ட் சேர்த்தாள்: 10.01 கொடுத்தால் 10.00, 10.04 கொடுத்தால் 10.05. ஒன்று இறங்குவதற்கு, ஒன்று ஏறுவதற்கு. நியாயமாகத்தான் படுகிறது இல்லையா?

"இப்ப அந்த 2-ஐ 3 ஆக்கு" என்றேன். மாற்றி ஓட்டினாள். எல்லாம் பச்சை. 1 ஆக்கச் சொன்னேன். அப்போதும் பச்சை. வேண்டுமென்றே நிரலைக் கெடுத்திருக்கிறோம், டெஸ்டுகள் மூச்சு விடவில்லை. கடைசி இலக்கம் 1, 4 என்று இருக்கும்போது 1 கூட்டினாலும் 2 கூட்டினாலும் 3 கூட்டினாலும் ஒரே விடைதான் வரும். எல்லைக்கோடு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்கிறது. அதனால் டெஸ்ட் அந்த இரண்டிலும் இருக்க வேண்டும். 10.02, 10.03 என்று மாற்றினாள். உடனே, 3 கூட்டினால் ஒரு டெஸ்ட் விழுந்தது, 1 கூட்டினால் இன்னொன்று விழுந்தது.

இப்படி நிரலை வேண்டுமென்றே ஒவ்வொரு இடமாகக் கெடுத்து, எந்த டெஸ்டாவது கத்துகிறதா என்று பார்ப்பதற்கு மியூட்டேஷன் டெஸ்டிங் என்று பெயர். பைத்தானில் `mutmut` என்ற கருவி இதைத் தானாகவே செய்யும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் டெஸ்டுகளைத் திரும்ப ஓட்ட வேண்டியிருப்பதால் பெரிய திட்டத்தில் நேரம் பிடிக்கும். நான் காசைத் தொடும் கோப்புகளுக்கு மட்டும் ஓட்டுகிறேன். கருவியே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு குறியை மாற்று, ஒரு எண்ணை மாற்று, டெஸ்ட் சிவப்பாகிறதா பார், திருப்பி வை. பயிற்சிக்கு வரும் யாரும் முதல் நாளிலேயே கற்றுக்கொள்ளக்கூடிய பழக்கம் இது. கவரேஜ் நிரலை டெஸ்ட் தொட்டதா என்று பார்க்கிறது, இது டெஸ்டுக்குக் கண் இருக்கிறதா என்று பார்க்கிறது.

அவள் இங்கே ஒரு நல்ல கேள்வி கேட்டாள். "அப்போ எதையுமே நிரூபிக்க முடியாதாக்கா?"

முடியாது என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். இந்த ஐந்து சென் வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விடை `total`-ஐ ஐந்தால் வகுத்த மீதியைப் பொறுத்தது. மீதி ஐந்து விதம்தான். ஐந்தையும் போட்டுப் பார்த்து, ஐந்து கூடினால் விடையும் ஐந்து கூடும் என்று காட்டிவிட்டால், அந்த ஒரு வரிக்கு அது உண்மையிலேயே நிரூபணம்தான். ஆனால் அங்கே நிரூபித்தது நம் தர்க்கம். கவரேஜ் எண்ணுக்கு அதில் பங்கே இல்லை. உள்ளே வரக்கூடிய எல்லா எண்ணையும் பட்டியல் போட முடிகிற இடம் நிரலில் ரொம்பக் கொஞ்சம். விலைப் பட்டியலில் எத்தனை சாமானும் வரலாம், எந்த விலையும் வரலாம். அதற்கெல்லாம் டெஸ்ட் எழுதித் தீராது. கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1970-லேயே இதை எழுதிவைத்துவிட்டார்: டெஸ்டால் பிழை இருப்பதைக் காட்ட முடியும், இல்லாததைக் காட்ட முடியாது என்று.

இதைச் சின்ன அலுவலகத்தின் சின்ன நிரல் என்று நினைக்க வேண்டாம். SQLite என்ற தரவுத்தளம் நம் எல்லார் கைப்பேசியிலும் இருக்கிறது. 2009 முதல் அதன் மையப்பகுதிக்கு 100% பிராஞ்ச் கவரேஜ் வைத்திருக்கிறார்கள். அதையும் தாண்டி, விமான மென்பொருளில் கேட்கப்படும் MC/DC என்ற இன்னும் கடுமையான அளவையும் எட்டியவர்கள். ஒரு நிபந்தனைக்குள் இருக்கும் ஒவ்வொரு கூறும் தனியாகவே முடிவை மாற்றுகிறது என்று காட்ட வேண்டிய அளவு அது. அப்படிப்பட்ட நிரலில் 2015-ல் AFL என்ற ஃபஸ்ஸர், அதாவது தாறுமாறான உள்ளீடுகளை உருவாக்கி உருவாக்கி ஊட்டும் கருவி, புதிய பிழைகளைக் கண்டுபிடித்தது. அவர்கள் கவரேஜைத் தூக்கி எறியவில்லை, ஃபஸ்ஸரையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மனப்பான்மைதான் எனக்குப் பிடிக்கும்.

குழுத் தலைவர் சொன்ன "ஆமாம்" ஏன் என்னை இவ்வளவு தொந்தரவு செய்தது என்று இப்போது சொல்கிறேன். நூறு என்பது நிரூபணம் என்று நம்பிவிட்ட பிள்ளை, நூறு வந்ததும் தேடுவதை நிறுத்திவிடும். அதைவிட மோசம், அடுத்த தடவை நூறு வராதபோது என்ன செய்யும் என்பது. விடையைப் பார்க்காமல் செயற்கூறைக் கூப்பிட்டு மட்டும் வைக்கும். தொட முடியாத வரியின் கடைசியில் `# pragma: no cover` என்று எழுதிக் கணக்கிலிருந்தே தூக்கிவிடும். `--cov-fail-under=100` என்று கட்டாயம் போட்டிருக்கும் குழுக்களில் இதை நிறையப் பார்க்கிறேன். எண் அழகாக நிற்கும், டெஸ்டுகளில் ஒன்றும் இருக்காது. பெரியவர் ஒருவர் சொன்ன ஒரு சொல்லால் வந்த பழக்கம், பின்னால் யார் சொன்னாலும் போகாது. அதே மாலை அவரிடமும் இதைப் பேசினேன். "ஊக்கம் கொடுக்கணும்ல" என்றார். கொடுக்கத்தான் வேண்டும் அண்ணே, "எல்லா வரியையும் தொட்டிருக்க, நல்லது, இப்ப எந்த எண்ணுக்கு இது உடையும்னு தேடு" என்று சொன்னாலும் அது ஊக்கம்தானே என்றேன். யோசித்துவிட்டு, அவரே அடுத்த நாள் அவளிடம் போய்ப் பேசினார்.

மிஞ்சியிருந்தது எழுதப்படாத வரிகள். ஐந்து சென் கணக்கு ரொக்கத்துக்குத்தான். கார்டிலோ இ-வாலட்டிலோ கட்டினால் 5.98 என்பது 5.98 ஆகவே போகும். ஆனால் கல்லாத் திரையில் எப்படிப் பணம் கட்டினாலும் இதே `cash_total`-ஐத்தான் கூப்பிடுவதாக இணைத்திருந்தார்கள். செயற்கூறுக்குள் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இல்லாத வரியை எந்த அறிக்கையும் சிவப்பில் காட்டாது. இதை அவள் நிரலைப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. கடைத்தெருவில் இருக்கும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் மளிகைக் கடைக்கு அவளை அனுப்பியிருந்தேன், கல்லாப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

அங்கே போனபோது இன்னொரு கேள்வியையும் கொண்டுபோயிருந்தாள், அது முழுக்க அவளுடையது. அட்டை உள்ளவர் 6.50-க்குச் சாமான் வாங்கினால், ஐந்து சதவீதம் போக 6.175 வரும். அரை சென். நம் நிரலில் `// 100` இருப்பதால் அந்த அரை சென் விழுந்து 6.17 ஆகி, ரொக்கம் 6.15 ஆகிறது. அரை சென்னை மேலே ஏற்றியிருந்தால் 6.18 ஆகி, ரொக்கம் 6.20 ஆகியிருக்கும். ஐந்து சென் விதி முழு சென்னிலிருந்துதான் தொடங்குகிறது, இந்த அரை சென்னைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. இதில் எது சரி என்று நிரலுக்குத் தெரியாது, டெஸ்டுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. கடைக்காரரிடம் கேட்டாள். "அட்டை வச்சிருக்கவங்க நம்ம ஆளுங்க தங்கச்சி, அவங்களுக்கே விட்டுரு" என்றார். திரும்பி வந்து `cash_total([650], True) == 615` என்று ஒரு டெஸ்ட் எழுதி, இது கடைக்காரர் சொன்ன முடிவு என்று மேலே ஒரு குறிப்பும் போட்டாள். கவரேஜ் அதனால் ஒரு புள்ளிகூட ஏறவில்லை.